555 புத்தகத்தில் லாபம், கல்லாவில் பற்றாக்குறை

சிங்கப்பூரில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, தானா ராத்தாவில் ஒரு ஒட்டுக்கடை போடுகிற மனிதரை எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட ஒருவரின் கதை அல்ல இது. இப்படித் திரும்பி வரும் பலருக்கு நேரக்கூடியதை ஒருவர் மேல் வைத்துச் சொல்கிறேன். கையில் 6,000 வெள்ளி சேமிப்பு. மாவட்ட மன்ற உரிமம், நிறுவன ஆணையத்தில் வியாபாரப் பதிவு, டைபாய்டு ஊசி, உணவு கையாளும் பயிற்சி, அடுப்பு, மேசை, கண்ணாடிக் குவளைகள், இட முன்பணம் என்று அது முழுவதும் கடை திறப்பதற்குள் கரைந்துவிட்டது. பரவாயில்லை, தினமும்தான் வியாபாரம் நடக்குமே என்று நினைத்தார்.

வியாபாரம் நடந்தது. தேயிலைத் தோட்டத்து ஆட்கள், காய்கறி லோரி ஓட்டுநர்கள், ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். பாதிப் பேர் குடித்து முடித்ததும், “அண்ணே, சம்பளம் போட்டதும் தந்துடறேன், எழுதிக்கங்க” என்றார்கள். அவரும் 555 புத்தகம் வாங்கி எழுத ஆரம்பித்தார்.

அவருடைய முதல் மாதக் கணக்கைப் பாருங்கள். கடை 26 நாள் திறந்திருந்தது. ஒரு நாள் விற்பனை 250 வெள்ளி. அதில் 80 வெள்ளி 555-இல் ஏறியது. மாத விற்பனை 6,500. பால், சீனி, தூள், மாவு என்று சரக்குக்கு 3,900 போனது. வாடகை, கேஸ், உதவியாள் சம்பளம் எல்லாம் சேர்த்து 1,800. ஆக, 800 வெள்ளி லாபம். ஆனால் விற்ற 6,500-இல் 2,080 வெள்ளி இன்னும் புத்தகத்தில்தான் இருக்கிறது. கையில் வந்தது 4,420. கையை விட்டுப் போனது 5,700. லாபம் வந்த அதே மாதத்தில் கல்லாவில் 1,280 வெள்ளி துண்டு விழுந்தது. பால் கொண்டுவருபவருக்கும் கேஸ் கடைக்கும் ரொக்கம்தான் வேண்டும். அவர்களிடம் 555 புத்தகத்தை நீட்ட முடியாது.

இது அவர் திறமைக் குறைவு அல்ல. வெளிநாட்டில் மாதம் ஒரு தேதியில் சம்பளம் வந்து பழகியவருக்கு, விற்றதும் வந்ததும் வேறு வேறு என்பது தெரிய ஒரு மாதம் ஆகிறது. ஆனால் கடனுக்கு ஒரு வரம்பு வைத்தே ஆக வேண்டும். ஒரு ஆளுக்கு 40 வெள்ளி, அதற்கு மேல் ரொக்கம் என்று முதல் நாளே சொல்லிவிடலாம். வசூல் தேதியையும் சட்டமே காட்டுகிறது: 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்த ஏழாவது நாளுக்குள் சம்பளம் போட்டாக வேண்டும். மாதச் சம்பளக்காரரின் பழைய கணக்கை 8ஆம் தேதி அடைத்த பிறகே புதுப் பக்கம் திறக்க வேண்டும்.

எழுதுகிற விதத்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. “லோரி அண்ணன் 6.50” என்று எழுதுவது நமக்குப் புரியும், நீதிமன்றத்துக்குப் போதாது. 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, ஒழுங்காக எழுதப்பட்ட வியாபாரக் கணக்கைச் சான்றாக ஏற்கிறது. ஆனால் அந்த எழுத்தை மட்டும் வைத்து ஒருவரைக் கடன்காரர் என்று தீர்மானிக்க முடியாது என்றும் சொல்கிறது. அதனால் முழுப் பெயர், தேதி, தொகை எழுதி, வாரத்துக்கு ஒருமுறை அவர் கையெழுத்தையும் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் மொத்தத் தொகையை அனுப்பி “சரி” என்று பதில் வாங்கினாலும் அது ஒரு துணைச் சான்று. 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் 198ஆம் எண் படிவத்தில் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பதியலாம். 60 வெள்ளி பாக்கிக்காக ஒரு நாள் கடையை மூடிவிட்டு அங்கே போய் உட்காருவது கட்டுபடியாகாது. 600, 700 என்று வளர்ந்துவிட்ட கணக்குக்குத்தான் அது. கடனுக்கு ஈடாக வெளிநாட்டுத் தொழிலாளியின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். பிறர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது குற்றம்; பணம் கொடுக்க வேண்டியவர் அவராக இருந்தாலும் வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

இனி ஆபத்தான இடத்துக்கு வருவோம். 1,280 வெள்ளி இடிக்கும்போது கைப்பேசியில் “உடனடிக் கடன், ஆவணம் வேண்டாம்” என்று ஒரு செய்தி வருகிறது. நம் ஆள் 2,000 கேட்கிறார். கட்டணம் என்று 400 பிடித்துக்கொண்டு 1,600 தருகிறார்கள். அடையாளக் கார்டு நகலும் ஏடிஎம் கார்டும் அவர்கள் கையில். வாரம் 200 வெள்ளி வட்டி. அசல் 2,000 அப்படியே நிற்கும். இரண்டு மாதத்தில் வாங்கியதை வட்டியாகவே கட்டி முடித்துவிடுவார், கடன் ஒரு வெள்ளிகூடக் குறைந்திருக்காது. ஆலோங் என்று நாம் சொல்லும் வட்டி முதலைகளின் வழக்கமான முறை இது.

1951ஆம் ஆண்டு வட்டிக்கடைச் சட்டம் சொல்வதோடு இதை ஒப்பிடுங்கள். உரிமம் பெற்றவர் ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு, ஈடு வைத்த கடனுக்கு 12 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. வட்டிக்கு வட்டி கிடையாது. ஈடில்லாக் கடனுக்கான ஒப்பந்தம் ஜே அட்டவணை என்ற படிவத்தில் இருக்க வேண்டும். கையெழுத்தான பிரதி பணம் தருவதற்கு முன்பே உங்கள் கைக்கு வர வேண்டும். 2,000 வெள்ளியை 12 மாதத்தில் அடைத்தால் வட்டி அதிகபட்சம் 360; மாதத் தவணை அசலோடு சேர்த்து 197 வெள்ளிக்குள். முதலைக்கு ஒரு வாரத்தில் போகும் வட்டி இதைவிட அதிகம்.

உரிமம் உள்ளதா என்பதை வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் இணையத்தளத்தில் பார்க்கலாம். விளம்பரத்தில் உரிம எண் இல்லை, முன்பணம் கேட்கிறார்கள், ஒப்பந்தப் பிரதி தர மறுக்கிறார்கள், ஏடிஎம் கார்டு வேண்டும் என்கிறார்கள்: இதில் ஒன்று இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். முன்பணத்தை அனுப்பி ஏமாந்திருந்தால் அந்த நிமிடமே வங்கிக்கும் 997 எண்ணுக்கும் அழையுங்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால், உரிமமில்லாதவரின் கடன் ஒப்பந்தம் நீதிமன்றத்தில் செல்லாது என்பதை நினைவில் வையுங்கள். மிரட்டுவதும் குற்றம். மிரட்டல் செய்திகளையும் பணம் கட்டிய சீட்டுகளையும் அழிக்காமல் வைத்து போலீசில் புகார் கொடுங்கள். கார்டு அவர்களிடம் இருந்தால் வங்கியில் உடனே முடக்குங்கள். வங்கிக் கடனில் சிக்கியவர்களுக்கு பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே இலவசமாகத் தவணையைச் சீரமைத்துத் தரும். வட்டி முதலையின் கடனுக்கு அந்தச் சீரமைப்பு கிடையாது.

வெளிநாட்டில் இருந்து திரும்பியவருக்கு இன்னொரு தடை உண்டு. அங்கே ஒழுங்காகக் கட்டிய கடன் எதுவும் பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் பதிவில் தெரியாது. போகும்போது இங்கே விட்டுப்போன மோட்டார் தவணைப் பாக்கி இருந்தால் அதுதான் முதலில் கண்ணில் படும். இந்த அறிக்கையை நீங்களே இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். இந்திய வியாபாரிகளுக்காக தெக்குன் வழியாக நடக்கும் ஸ்பூமி கடனுதவித் திட்டத்தைக் கடை திறக்கும் வாரத்திலேயே விசாரியுங்கள். விண்ணப்பம், பரிசீலனை எல்லாம் முடிய நாளாகும். கல்லா காலியான பிறகு போனால், பால்காரர் கேட்கும் நாளுக்கு அந்தப் பணம் வந்து சேராது.