சீப்பில் வந்த முடியை எப்படி எண்ணுவது?

ஒரு நாளைக்கு நூறு முடி வரை கொட்டலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த நூறு எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால் பாதிக் கவலை தீரும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு முடியும் சில வருடங்கள் வளரும். பிறகு வளர்ச்சியை நிறுத்திவிட்டு ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்வாக இருந்து உதிரும். எந்த நேரத்திலும் பத்தில் ஒரு பங்கு முடி இந்த ஓய்வில் இருக்கும். அதாவது பத்தாயிரம். அவை மூன்று மாதத்துக்குள், கிட்டத்தட்ட நூறு நாளில், உதிர்ந்தாக வேண்டும். பத்தாயிரத்தை நூறால் வகுத்தால் நாளுக்கு நூறு. ஆக இது சராசரியை வைத்துப் போட்ட கணக்கு. அடர்த்தி குறைந்த தலையில் இயல்பாகக் கொட்டுவதும் குறைவாகத்தான் இருக்கும். பலருக்கு ஐம்பதிலிருந்து நூறுக்குள் இருக்கும்.

பயம் பெரும்பாலும் தலைக்குக் குளிக்கும் நாளில்தான் வருகிறது. வேரிலிருந்து விட்டுப்போன முடி உடனே தரையில் விழுவதில்லை. பின்னலிலும் கொண்டையிலும் சிக்கிக்கொண்டே இருக்கும். அலசும்போது நாலைந்து நாள் முடி மொத்தமாகக் கையோடு வரும். நீளமும் கண்ணை ஏமாற்றும். எழுபது சென்டிமீட்டர் நீளமுள்ள எழுபது முடியைச் சேர்த்தால் 49 மீட்டர். சுருட்டினால் ஒரு பந்தே தேறும். அதே எழுபது முடி கிராப்புத் தலையிலிருந்து விழுந்தால் கண்ணிலேயே படாது.

அதனால் ஒரு நாளை மட்டும் எண்ணாதீர்கள், ஒரு வாரத்தை எண்ணுங்கள். தலைக்குக் குளித்த மறுநாள் தொடங்கி, அடுத்த வாரம் அதே கிழமையில் குளிப்பதோடு முடியுங்கள். சீப்பு, தலையணை, குளியலறைத் தரை எல்லாவற்றிலும் கிடைப்பதைச் சேர்க்க வேண்டும். தண்ணீர் போகும் துளையில் ஒரு மெல்லிய துணியைப் போட்டுவிட்டால் அலசும் முடி தப்பாது. அன்றன்று வந்ததை ஒரு காகித உறையில் போட்டுத் தேதி எழுதுங்கள். எண்ணும்போது வெள்ளைத் துணிமேல் பத்துப் பத்தாகப் பிரித்து வையுங்கள். எண்ணுகிற வாரத்தில் வழக்கத்தை மாற்றக் கூடாது: கூடுதலாகச் சீவுவது, வருகிறதா என்று இழுத்துப் பார்ப்பது, பயந்து குளிக்காமல் இருப்பது எல்லாமே கணக்கைக் கெடுக்கும்.

செவ்வாயும் வெள்ளியும் தலைக்குக் குளிக்கும் ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். சனி 35, ஞாயிறு 40, திங்கள் 30, செவ்வாய் 150, புதன் 25, வியாழன் 45, வெள்ளி 165. வெள்ளிக்கிழமையை மட்டும் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ஏழு நாளையும் கூட்டினால் 490, நாளுக்கு 70. இது இயல்பு.

இன்னொன்றையும் பாருங்கள். தானாக உதிர்ந்த முடியின் ஒரு முனையில் வெள்ளையாக ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதைப் பார்த்து வேரே போய்விட்டது என்று பலர் அழுகிறார்கள். அது ஓய்வு முடிந்த முடியின் அடிப்பகுதிதான். முடியை வளர்க்கும் வேர்ப்பை தோலுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு முனையிலும் குமிழ் இல்லாத துண்டுகள் நடுவில் ஒடிந்தவை. அவற்றைத் தனியாக வையுங்கள். அவை அதிகமாக இருந்தால், சிக்கெடுக்கும் முறையையும் சாயம், சூடு ஆகியவற்றையும்தான் கவனிக்க வேண்டும்.

குட்டை முடிக்காரர்களுக்கு வாரக் கணக்கு ஒத்துவராது. அவர்களுக்கு 2008-ல் ஆய்வாளர்கள் ஒரு எளிய வழியை வெளியிட்டார்கள். மூன்று நாள் காலையில் தொடர்ந்து ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு, நான்காம் நாள் குளிக்கும் முன், முடியின் நிறத்துக்கு மாறான நிறமுள்ள துண்டின்மேல் குனிந்து, உச்சியிலிருந்து நெற்றிப் பக்கமாக அறுபது விநாடி சீவ வேண்டும். ஆரோக்கியமான ஆண்களுக்குச் சராசரியாகப் பத்து முடி விழுந்தது.

எண்ணிக்கை சொல்லாத விஷயமும் உண்டு. வகிடு அகலமாகிக்கொண்டே போனால், நாளுக்கு 70 என்று வந்தாலும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பரம்பரையாக வரும் வழுக்கையில் முடி மெலிந்துகொண்டே போகும், கொட்டுவது கூடாமலேயே இருக்கலாம். காசளவு வட்டமாகச் சொட்டை விழுந்தாலும், தலைத்தோல் சிவந்து வலித்தாலும் எண்ணிக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.

மாதம் ஒரு வாரம் இப்படி எண்ணினால் உங்கள் வழக்கமான அளவு தெரிந்துவிடும். 70 திடீரென்று 200 ஆனால் நேற்று மாற்றிய ஷாம்பு மீது பழி போடாமல், இரண்டு மூன்று மாதத்துக்கு முன் என்ன நடந்தது என்று யோசியுங்கள்: டெங்குக் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி டயட். அந்த அதிர்ச்சியில் ஒரேயடியாக ஓய்வுக்குப் போன முடிதான் இப்போது வருகிறது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே அடங்கும். அதைத் தாண்டியும் குறையாவிட்டால், எண்ணி எழுதிய தாளையும் காய்ச்சல் வந்த தேதியையும் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.