ஸ்டாக்கல்பர்க் போட்டி

ஸ்டாக்கல்பர்க் போட்டி என்பது ஒரே பொருளை உற்பத்தி செய்யும் இரு நிறுவனங்களுள் ஒன்று தனது உற்பத்தி அளவை முதலில் தீர்மானிக்க, மற்றது அதைக் கண்டபின் தனது அளவைத் தீர்மானிக்கும் நிலையை விளக்கும் ஆட்டக் கோட்பாட்டு மாதிரி ஆகும். முதலில் நகர்வது தலைவர் எனவும், அடுத்து நகர்வது பின்தொடர்பவர் எனவும் அழைக்கப்படுகின்றன. இம்மாதிரியைச் செருமானியப் பொருளியலாளர் ஐன்ரிச் வான் ஸ்டாக்கல்பர்க் 1934இல் வெளியிட்டார்.

எடுத்துக்காட்டு

திருப்பூர் மாவட்டத்தில் உள்ள சாமளாபுரத்தில் ஒரே வகைக் காடாத் துணியை இரு உற்பத்தியாளர்கள் மட்டுமே விற்பதாகக் கற்பனை செய்வோம். வார உற்பத்தியை ஆயிரம் மீட்டர்களில் q1, q2 எனக் கொள்வோம். ஒரு மீட்டரின் விலை ரூபாயில் பின்வருமாறு அமைகிறது:

P = 60 - q1 - q2

நூல், கூலி முதலிய செலவு மீட்டருக்கு 24 ரூபாய்.

தீர்வு

இவ்வாட்டம் கடைசி நகர்விலிருந்து பின்னோக்கித் தீர்க்கப்படுகிறது. பின்தொடர்பவர் q1ஐ அறிந்தபின் q2(36 - q1 - q2) என்னும் இலாபத்தை உச்சமாக்குவார். இதிலிருந்து பெறப்படுவது:

q2 = 18 - q1/2

தலைவர் இதை முன்கூட்டியே கணிக்க வல்லவர். எனவே அவரது இலாபம் q1(18 - q1/2) ஆகிறது. இது q1 = 18 எனும்போது உச்சத்தை அடையும். அப்போது q2 = 9, விலை 33 ரூபாய். தலைவரின் இலாபம் 1,62,000 ரூபாய். பின்தொடர்பவருடையது 81,000 ரூபாய்.

இருவரும் ஒரே நேரத்தில் முடிவெடுத்தால் (கூர்னோ போட்டி) ஒவ்வொருவரும் 12 ஆயிரம் மீட்டர் நெய்து, 36 ரூபாய் விலையில் 1,44,000 ரூபாய் இலாபம் பெறுவர்.

முதல் நகர்வின் ஆதாயம்

ஆதாயம் காலத்தால் முந்துவதால் மட்டும் வருவதன்று. முடிவை மாற்ற இயலாமையால் வருகிறது. பின்தொடர்பவர் 9 எனத் தீர்மானித்தபின், தலைவர் தமது அளவை 13.5 ஆகக் குறைக்க முடிந்தால் அவரது இலாபம் 1,82,250 ரூபாயாக உயரும். இதை அறிந்த பின்தொடர்பவர் 18 என்னும் அறிவிப்பை நம்பமாட்டார். ஆட்டம் கூர்னோ நிலைக்கே திரும்பும்.

ஆனால் தலைவர் 18 ஆயிரம் மீட்டருக்கான நூலை வாங்கிப் பாவு ஓட்டிக் கஞ்சி போட்டுவிட்டால் நிலைமை மாறுகிறது. அந்நிலையில் ஒரு மீட்டரைக் குறைத்தால் இழக்கும் வருவாய் ஏறத்தாழ 15 ரூபாய். 24 ரூபாயில் 16 ரூபாய் ஏற்கெனவே செலவாகியிருந்தால், குறைப்பதால் மிச்சமாவது 8 ரூபாய் மட்டுமே. ஆகவே முழுவதையும் நெய்வதே அவருக்கு நன்று.

வரம்புகள்

பின்தொடர்பவர் தலைவரின் அளவைக் காண இயலாவிடில் இவ்வாதாயம் மறைந்துவிடும். நடைமுறையில் விசைத்தறியாளர் பலர் பிறர் தரும் பாவைக் கூலிக்கு நெய்பவர்கள். உற்பத்தி அளவைத் தீர்மானிப்பவர்கள் பாவு தரும் துணி உற்பத்தியாளர்களே. அவர்களும் பலராக இருப்பதால், தனி ஒருவரது அளவு விலையைச் சிறிதளவே மாற்றும். மேலும், அளவுக்குப் பதிலாக விலையை அறிவிக்கும் போட்டியில், முதலில் அறிவித்தவரைவிடச் சற்றுக் குறைத்து விற்கும் வாய்ப்பு இரண்டாமவருக்கே கிடைக்கிறது.