லயத்து வீட்டைக் கணினி வரையுமா? இரண்டு மணி நேரப் பட்டறைக்கு ஒரு பாடத் திட்டம்

படம் உருவாக்கும் ஏஐ செயலி ஒன்றைத் திறந்து, கீழே உள்ள வரியைத் தட்டிப் பாருங்கள்.

```
estate house in Negeri Sembilan
```

பெரும்பாலும் இரண்டில் ஒன்று வரும். ஒன்று, புல்வெளி சூழ்ந்த பெரிய பங்களா. அல்லது, எருமைக் கொம்பைப் போல இரு முனையும் மேலே வளைந்த கூரையுடைய மினாங்கபாவ் வீடு. நம் தாத்தா பாட்டி பிறந்து வளர்ந்த லயம் வருவது அரிது.

இதற்குக் காரணம் உண்டு. செயலி கோடிக்கணக்கான படங்களையும் அவற்றுக்கு அடியில் எழுதப்பட்ட விளக்கங்களையும் சேர்த்துக் கற்றது. ஆங்கிலத்தில் ‘எஸ்டேட்’ என்ற சொல் பெரும்பாலும் பணக்காரர்களின் மாளிகைப் படங்களோடுதான் வருகிறது. ‘நெகிரி செம்பிலான்’ என்ற பெயரோ சுமத்ராவிலிருந்து வந்து குடியேறியவர்களின் வளைந்த கூரையோடு வருகிறது. லயத்தின் படங்கள் இணையத்தில் குறைவு. ‘லயம்’ என்ற சொல்லோடு இருப்பவை அதிலும் குறைவு.

லாபு, ரந்தாவ், பகாவ், தம்பின் பக்கத்துத் தோட்டங்களில் பல லயங்கள் இன்று இல்லை. இருந்த இடத்தில் செம்பனையோ வீடமைப்புத் திட்டமோ வந்துவிட்டது. பள்ளித் திட்டப்பணிக்கும் கோயில் மலருக்கும் படம் தேடும் மாணவர், கணினி தரும் பங்களாவை ‘பழைய தோட்ட வீடு’ என்று ஒட்டிவிட்டால், அடுத்து வருபவருக்கு அதுவே உண்மையாகிவிடும். கட்டளை எழுதப் பழகுவோருக்கு லயத்தைப் பாடமாக வைப்பதற்கு இதுதான் காரணம்.

இந்தத் திட்டம் 24 மாணவர்களுக்கானது. ஒரு குழுவுக்கு நால்வர், ஒரு மடிக்கணினி என ஆறு குழுக்கள். இலவசச் செயலிகள் ஒரு நாளைக்கு இத்தனை படம்தான் என்று வரம்பு வைப்பதால், குழுவுக்கு எட்டுச் சுற்று, சுற்றுக்கு நான்கு படம் என்று முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

முதல் 25 நிமிடம்: கணினியை மூடி வைக்கவும்

முதலில் கட்டடத்தை அறிந்துகொள்ள வேண்டும். தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர் ஒருவரை அழைத்து வாருங்கள். முடியாவிட்டால் குடும்பத்தில் உள்ள பழைய புகைப்படத்தை மேசையில் வையுங்கள். கேள்விகள் கண்ணால் பார்க்கக்கூடியவற்றைப் பற்றி மட்டும் இருக்கட்டும். “பாட்டி, ஒரு லயத்துல எத்தன கதவு? சுவரு பலகையா, கல்லா? கூரை தகரமா, ஓடா? அஞ்சடி முன்னால மட்டுமா? அடுப்படி எந்தப் பக்கம்? வீடு தரையில இருந்துச்சா, கால் மேல இருந்துச்சா?” எந்த ஆண்டுகளில் அங்கே குடியிருந்தார் என்பதையும் கேளுங்கள். ஒரே தோட்டத்தில் ஒரு காலத்தில் பலகை வீடும் பிற்காலத்தில் கல் வீடும் இருந்திருக்கலாம்.

விடைகளிலிருந்து ஒவ்வொரு குழுவும் எட்டு வரிப் பட்டியல் ஒன்றை எழுதுகிறது. எடுத்துக்காட்டாக: ஒற்றை மாடி, ஒரே நீளக் கூரையின் கீழ் ஆறு வீடுகள், துருப்பிடித்த தகரம், நேரான கூரை, பலகைச் சுவர், முன்னால் பொதுவான அஞ்சடி, குட்டையான சிமெண்டுக் கால்கள், முன்னால் திறந்த கால்வாய். பட்டறை முழுவதற்கும் இதுதான் அளவுகோல். படம் அழகாக இருக்கிறதா என்று யாரும் கேட்கக் கூடாது. எட்டில் எத்தனை இருக்கிறது என்று மட்டுமே கேட்க வேண்டும்.

அடுத்த 15 நிமிடம்: மதிப்பெண் போடப் பழகுதல்

மேலே பார்த்த வெறும் வரியையே எல்லாக் குழுக்களும் தட்டி, நான்கு படம் எடுக்கின்றன. ஒவ்வோர் அம்சமும் நான்கில் எத்தனை படத்தில் இருக்கிறது என்று எண்ணுகிறார்கள். மூன்றிலாவது இருந்தால் அது ‘பிடிபட்டது’. ஒன்றில் மட்டும் இருந்தால் தற்செயல்.

நான்கு படம் எதற்கு? பல செயலிகள் ஒவ்வொரு படத்தையும் தாறுமாறான புள்ளிக் குவியலிலிருந்து தொடங்கி, படிப்படியாகத் தெளிவாக்குகின்றன. தொடக்கப் புள்ளிகள் மாறினால், சொல் மாறாமலே படம் மாறும். ஒரே படத்தைப் பார்த்துவிட்டு ‘இந்தச் சொல் வேலை செய்தது’ என்று சொல்ல முடியாது. சில செயலிகளில் தொடக்கப் புள்ளிகளைத் தீர்மானிக்கும் எண்ணை நாமே கொடுக்கலாம். அதை விதை எண் என்பார்கள். அந்த வசதி இருந்தால் பட்டறை முழுவதும் ஒரே நான்கு எண்களை வைத்துக்கொள்ளுங்கள். அப்போது படத்தில் வரும் மாற்றம் சொல்லால் வந்தது என்று துணிந்து சொல்லலாம்.

அடுத்த 40 நிமிடம்: ஒரு சுற்றுக்கு ஒரு மாற்றம்

இதுதான் பட்டறையின் மையம். விதி ஒன்றே: ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மாற்றம் மட்டும். அதைக் குறிப்பேட்டில் எழுதி, மதிப்பெண்ணையும் பக்கத்தில் எழுத வேண்டும். ஒரு குழுவின் பாதை எப்படிப் போகும் என்று பார்ப்போம்.

இரண்டாம் சுற்றில் இடப்பெயரை எடுத்துவிட்டு ‘மலேசியா’ என்று மட்டும் வைக்கிறார்கள். கொம்புக் கூரை போக வாய்ப்புண்டு. பங்களா அப்படியே நிற்கும். மூன்றாம் சுற்றில் ‘எஸ்டேட் வீடு’ என்ற பெயரையே விட்டுவிட்டு, வடிவத்தைச் சொல்கிறார்கள்.

```
long single-storey row of workers' dwellings, Malaysia
```

இங்கே முதல் பெரிய மாற்றம் தெரியும். செயலிக்குத் தெரியாத பெயரை எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் வடிவத்தைச் சொன்னால் அதற்குப் புரிகிறது.

நான்காம் சுற்றில் பலகைச் சுவர், ஐந்தாம் சுற்றில் தகரக் கூரை. இப்போது வேறொரு சிக்கல் வரலாம்: வீடுகள் தனித்தனியாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கூரை. ‘ஒரே கூரையின் கீழ்’ என்று சேர்ப்பது ஆறாம் சுற்று.

கூரை இன்னும் வளைந்து வந்தால், ‘வளைந்த கூரை வேண்டாம்’ என்று எழுதத்தான் எல்லோருக்கும் தோன்றும். ஒரு குழுவை அப்படியே எழுதிப் பார்க்க விடுங்கள். வளைவு கூடவும் கூடும்! படத்துக்கு அடியில் விளக்கம் எழுதுபவர்கள் படத்தில் இருப்பதைத்தான் எழுதுவார்கள். இல்லாததை எழுதுவது அரிது. அதனால் பல செயலிகள் ‘வேண்டாம்’ என்பதை விட்டுவிட்டு ‘வளைந்த கூரை’ என்பதைப் பிடித்துக்கொள்கின்றன. ‘நேரான முக்கோணக் கூரை’ என்று வேண்டியதைச் சொல்வதே தீர்வு. வேண்டாதவற்றை எழுதத் தனிப் பெட்டி இருக்கும் செயலிகளில் அதையும் பயன்படுத்தலாம்.

எட்டாம் சுற்றில் மட்டும், விதிவிலக்காக, மீதி அம்சங்களை ஒன்றாகச் சேர்த்தால் கட்டளை ஏறக்குறைய இப்படி நிற்கும்:

```
long single-storey row of six workers' dwellings
under one rusted zinc straight gable roof,
timber plank walls, shared front verandah,
low concrete posts, open drain in front, Malaysia
```

வரிசையைக் கவனியுங்கள். கட்டட வடிவம் முதலில், பொருள்கள் பிறகு, சுற்றுப்புறம் கடைசியில். ஸ்டேபிள் டிஃப்யூஷன் செயலியின் தொடக்கப் பதிப்புகள் 77 சொற்கூறுகளுக்கு மேல் படிக்காது, மிஞ்சியது வெட்டுப்படும். புதிய செயலிகள் அதிகம் படித்தாலும், முக்கியமானதை முன்னால் வைப்பது நல்ல பழக்கம்.

அடுத்த 20 நிமிடம்: ஸ்ரீ மெனாந்தி அரண்மனைச் சோதனை

எவ்வளவு திருத்தினாலும் பிடிபடாதவையும் உண்டு. அதைக் காட்ட, விவரம் தெளிவாகத் தெரிந்த கட்டடம் ஒன்று வேண்டும். நம் மாநிலத்திலேயே கோலப்பிலாவுக்கு அருகில் ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனை இருக்கிறது. 1902இல் தொடங்கி 1908இல் முடிந்த நான்கு நிலை மரக் கட்டடம்; 99 தூண்கள்; ஆணி அடிக்காமல் மர முளைகளால் பொருத்தப்பட்டது.

இந்த மூன்று விவரங்களையும் கட்டளையில் எழுதிப் படம் எடுங்கள். ‘நான்கு நிலை’ ஓரளவு வரும். ‘99 தூண்’ வராது. நிறையத் தூண்கள் வரும், அவ்வளவுதான். இந்தச் செயலிகள் எண்ணிக்கையை எண்ணிப் போடுவதில்லை. இரண்டு, மூன்று போன்ற சிறிய எண்களில் நம்பலாம், எண் பெரிதாகப் பெரிதாக அது ‘நிறைய’ என்றே ஆகிவிடும். நம் லயத்தின் ஆறு கதவையும் எண்ணிப் பாருங்கள்; ஐந்தோ ஏழோ இருக்கலாம். ‘ஆணி இல்லாமல்’ என்பதற்கோ படத்தில் உருவமே கிடையாது. தூரத்தில் நின்று புகைப்படம் எடுத்தால் எது தெரியுமோ, அதை மட்டுமே கட்டளையில் எழுத வேண்டும். ‘வரலாற்றுச் சிறப்புமிக்க’, ‘பழைமையான’ போன்ற சொற்களும் இப்படித்தான். அவற்றுக்குப் பதில் ‘துருப்பிடித்த’, ‘சாயம் உரிந்த’ என்று எழுதினால் கண்ணுக்குத் தெரியும்.

கடைசி 20 நிமிடம்: படத்தை மட்டும் கொடுங்கள்

ஒவ்வொரு குழுவும் தன் சிறந்த படத்தை, கட்டளையைக் காட்டாமல், அடுத்த குழுவிடம் கொடுக்கிறது. பெற்றவர்கள் படத்தில் காண்பதை எட்டு வரியில் எழுதுகிறார்கள். பிறகு இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுதிய குழு தன் படத்தில் இருப்பதாக நம்பிய அஞ்சடி, வெளியார் கண்ணுக்கு வெறும் நிழலாகத் தெரிந்திருக்கலாம். முதல் பட்டியலில் இல்லாத மாடிப்படியோ மின்கம்பியோ புதிதாக வந்திருக்கலாம். பெரியவர் வந்திருந்தால் கடைசித் தீர்ப்பு அவருடையது. “எங்க லயத்துல ஜன்னல் இவ்வளவு பெருசா இல்ல” என்று அவர் சொன்னால், அது ஒன்பதாவது வரியாகப் பட்டியலில் ஏறும்.

முடிக்கும் முன் ஒவ்வொரு படத்தின் அடியிலும் நான்கு விவரங்களை எழுத வேண்டும்: இது கணினி உருவாக்கிய படம், செயலியின் பெயரும் தேதியும், பயன்படுத்திய கட்டளை, எட்டில் எது சரியாக வரவில்லை. இதை எழுதாத படம் திட்டப்பணிக்குள் போகக் கூடாது. ‘இப்படி இருந்திருக்கலாம்’ என்று விளக்க இந்தப் படம் உதவும். ‘இப்படித்தான் இருந்தது’ என்பதற்குச் சான்று ஆகாது. சான்று அந்தப் பழைய புகைப்படமும் பெரியவர் சொன்ன விடைகளும்தான். அவர் அனுமதி இல்லாமல் அந்தப் புகைப்படத்தைச் செயலியில் ஏற்றவும் கூடாது.

பட்டறை முடிந்து செல்லும்போது எட்டு வரிப் பட்டியலைத் தூக்கி எறியாமல், பெரியவர் குடியிருந்த தோட்டத்தின் பெயரையும் ஆண்டுகளையும் மேலே எழுதி, பள்ளி நூல்நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். செயலிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒரு லயத்தில் எத்தனை கதவு இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.