மாஸ்டர் லீவு போட்டால் யார் வெட்டுவது?

திருப்பூரில் முப்பது பேர் வேலை செய்யும் ஒரு சிறு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். கட்டிங் மாஸ்டர் உடம்பு சரியில்லாமல் ஒரு வாரம் வரவில்லை. ஷிப்மென்ட் நெருங்குகிறது. உதவியாளர் தைரியமாக ரோலைப் பிரித்து அன்றைக்கே வெட்டிவிடுகிறார். தைத்து அளந்து பார்த்தால் உடலின் நீளம் ஒன்றரை சென்டிமீட்டர் குறைகிறது. ரோலில் இழுபட்டுச் சுற்றியிருந்த பின்னல் துணி, வெட்டிய பிறகு சுருங்கிவிட்டது. பிரித்துப் போட்டு ஓர் இரவாவது கிடக்க விட வேண்டும், லைக்ரா கலந்த துணியென்றால் இன்னும் அதிக நேரம் விட வேண்டும் என்பது மாஸ்டருக்குத் தெரியும். அவர் அதை மறைத்து வைக்கவில்லை. சொல்லித்தர வேண்டிய சந்தர்ப்பம் வரவில்லை, அவ்வளவுதான்.

இப்படி ஒரே தலைக்குள் இருக்கும் வேலைகள் எவை என்று கண்டுபிடிக்க ஒரு தாளும் பேனாவும் போதும். ஆட்களை வரிசையாக இடப்பக்கம் எழுதி, வேலைகளை மேலே எழுதுங்கள். கட்டத்துக்குள் ஓர் எண்: தெரியாது 0, கற்றுக்கொண்டிருக்கிறார் 1, பக்கத்தில் ஆள் இருந்தால் செய்வார் 2, தனியாகச் செய்வார் 3, அடுத்தவருக்குச் சொல்லித்தருவார் 4.

| | துணிக் கணக்கு | கட்டிங் | பேட்லாக் | இ-வே பில் |
|---|---|---|---|---|
| மாஸ்டர் | 4 | 4 | 0 | 0 |
| உதவியாளர் | 1 | 2 | 0 | 0 |
| சூப்பர்வைசர் | 2 | 1 | 3 | 1 |
| டெய்லர் | 0 | 0 | 4 | 0 |
| கணக்காளர் | 0 | 0 | 0 | 4 |

பெரும்பாலோர் இதைப் படுக்கைவாட்டில் படித்து, யார் கெட்டிக்காரர் என்று பார்க்கிறார்கள். மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு வேலையிலும் 3 அல்லது 4 வாங்கியவர்கள் எத்தனை பேர்? பேட்லாக்கில் இருவர். மற்ற மூன்றிலும் ஒருவர்தான்.

மூன்றையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய முடியாது. ஆள் இல்லாவிட்டால் எத்தனை நாளில் வேலை நிற்கும், கற்றுக்கொள்ள எவ்வளவு காலமாகும் என்ற இரண்டையும் வைத்து முடிவெடுக்கலாம். வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில் கட்டாயம். அது இல்லாமல் வண்டி கிளம்பக்கூடாது. ஆனால் அதைச் சில நாட்களில் பழகிவிடலாம். அந்தத் தளத்திலேயே இன்னொருவருக்குத் தனிப் பயனர் கணக்கும் உருவாக்கித் தரலாம். ஆகவே அதை இந்த வாரமே முடித்துவிடுங்கள். கட்டிங்குக்கு மாதங்கள் ஆகும் என்பதால் அதையும் இன்றே தொடங்க வேண்டும்.

கட்டிங்கை எப்படிச் சொல்லித்தருவது? இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்க அரசு தொழிற்சாலைகளுக்காக நடத்திய பயிற்சித் திட்டத்தில் பிறந்த ஒரு முறை இதற்கு இன்றும் உதவுகிறது. போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போய் டொயோட்டாவிலும் வேரூன்றியது. வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் எதில் கவனம் வேண்டும், ஏன் வேண்டும் என்று பக்கத்தில் எழுதுவார்கள். அந்த ‘ஏன்’ இல்லாவிட்டால் பயிற்சி பாதிதான். துணி விரிப்பதை உதவியாளர் தினமும் பார்க்கிறார். அவர் அறியாதது, துணி ஏன் ஒரு ராத்திரி கிடக்கிறது என்ற காரணத்தைத்தான்.

துணிக் கணக்கும் அப்படியே. உடல் நீளம் 70, கை நீளம் 22, தையலுக்கும் மடிப்புக்கும் 10, ஆக 102 சென்டிமீட்டர். மார்பின் பாதி அகலம் தையலோடு 55. இரண்டையும் பெருக்கி, முன்பின் இரு பக்கத்துக்காக இரட்டித்தால் 1.12 சதுர மீட்டர். 160 ஜி.எஸ்.எம். துணியில் அது சுமார் 180 கிராம். கழிவு பத்து சதவீதம் சேர்த்தால் சட்டைக்கு ஏறக்குறைய 200 கிராம். இந்தப் பெருக்கலை யாரும் ஒரு மணி நேரத்தில் கற்கலாம். எந்த டிசைனுக்குக் கழிவு பத்தைத் தாண்டும் என்பது மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து பல ஆர்டர்களுக்குக் கணக்குப் போட்ட பிறகே பிடிபடும்.

இத்தனை செய்தும் பல கம்பெனிகளில் இந்தத் தாள் பொய் சொல்கிறது. ஆடிட் வருமுன் ஒரே மதியத்தில், ஒரே பேனாவில் நிரப்பிய தாளில் எல்லோருக்கும் 3 இருக்கும். சோதிக்க ஒரு வழி உண்டு: மாஸ்டர் கம்பெனியில் இருக்கும் நாளிலேயே அவரை மேஜைக்கு வரவிடாமல், உதவியாளரை ஒரு சிறு ஆர்டர் முழுவதையும் வெட்டச் சொல்லுங்கள். கேட்காமல் முடித்தால்தான் 3. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் தேதியும் போடுங்கள். ஆறு மாதம் கத்தரியைத் தொடாதவரின் 3 பழைய 3 அல்ல.

இன்னொரு தடை கூலி. பீஸ் ரேட்டில் ஓட்டும் டெய்லர் புது மெஷினில் உட்கார்ந்தால் முதல் சில நாட்களில் பாதிகூடத் தைக்க முடியாது. அந்த நஷ்டத்தை அவர் தலையில் கட்டினால் மறுநாளே பழைய மெஷினுக்குப் போய்விடுவார். கற்கும் மணிகளுக்கு ஷிப்ட் சம்பளம் தர வேண்டும். சொல்லித்தரும் மாஸ்டருக்கும் அதற்கென்று தனித் தொகை கொடுங்கள். தன் வேலைக்கே ஆபத்து வரும் என்ற அவருடைய பயம் நியாயமானது, வாய்ப்பேச்சால் அது போகாது.

எல்லோரும் எல்லாவற்றையும் கற்க வேண்டியதில்லை. ஒரு வேலைக்கு இரண்டு பேர் போதும். தீபாவளிக்கு முந்தைய வாரம் இருவருமே ஊருக்குப் போகிற வாய்ப்புள்ள வேலைக்கு மட்டும் மூன்றாவது ஆள் வேண்டும்.