சட்டமன்றம் தந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு?

மாநில பட்ஜெட்டை ஒரே தொகையாகச் சட்டமன்றம் நிறைவேற்றுவதில்லை. பள்ளிக் கல்வி, காவல், கால்நடை பராமரிப்பு என்று மானியக் கோரிக்கைகளாகப் பிரித்து வாக்களிக்கிறது. ஒவ்வொரு மானியமும் ஒரு வரம்பு. அந்த வரம்புக்குள் அரசு நின்றதா என்று பார்ப்பதுதான் நிதி ஒதுக்கத் தணிக்கை. கருவூலங்கள் அனுப்பும் மாதக் கணக்குகளை மாநிலக் கணக்காயர் அலுவலகம் தொகுக்கிறது. அதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சரிபார்த்து, ஆளுநர் வழியே சட்டமன்றத்துக்கு அனுப்புகிறார்.

ஒரு மானியத்தில் 100 கோடி மீந்தாலும், இன்னொன்றில் 10 கோடி கூடுதலாகச் செலவானதை அது ஈடுகட்டாது. அந்த 10 கோடி சட்டமன்றத்தின் அனுமதி இல்லாமல் எடுத்த பணம். பொதுக் கணக்குக் குழு காரணத்தை விசாரித்த பின், அரசியல் சட்டத்தின் 205ஆம் பிரிவின்படி சட்டமன்றம் வாக்களித்தால்தான் அது முறையாகும். பல மாநிலங்களில் இது ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடக்கிறது.

கிடந்தால் என்ன ஆகும் என்பதை பிகார் காட்டியது. 1990களின் முதல் பாதியில் அங்கே கால்நடை பராமரிப்புத் துறையின் செலவு ஒதுக்கீட்டை மீறிக்கொண்டே போனது. வாங்காத தீவனத்துக்கும் மருந்துக்கும் பொய் பில் போட்டுக் கருவூலங்களில் பணம் எடுத்தார்கள். 1996 ஜனவரியில் சாய்பாசாவில் துணை ஆணையர் அமித் கரே சோதனையிட்ட பிறகே ஊழல் வெடித்தது. மார்ச்சில் பாட்னா உயர் நீதிமன்றம் விசாரணையை சிபிஐயிடம் கொடுத்தது. போன பணம் ஏறத்தாழ 950 கோடி ரூபாய் என்பார்கள். மிகைச் செலவு எல்லாமே திருட்டு அல்ல. ஓய்வூதியத்தைக் குறைத்து மதிப்பிட்டாலும் வரும். ஆனால் ஒரே துறையில் ஆண்டுதோறும் வந்தால் பில்களைப் புரட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

மீதத்தை நல்ல செய்தி என்று நினைப்போம். கற்பனையாக ஒரு கணக்கு: பள்ளிக் கட்டடங்களுக்கு 500 கோடி ஒதுக்கீடு. ஜனவரியில் துணை மதிப்பீட்டில் இன்னும் 60 கோடி. ஆண்டு முடிவில் செலவு 480 கோடி. முதலில் தந்ததே தீராதபோது 60 கோடியைக் கேட்டதே தேவையற்றது. மீதம் 80 கோடி. துறை ஒப்படைத்தது 50 கோடி, அதுவும் மார்ச் 31 அன்று. எஞ்சிய 30 கோடி யாருக்கும் பயன்படாமல் காலாவதியானது. செலவாகாது என்று தெரிந்த உடனே நிதித் துறையிடம் ஒப்படைத்திருந்தால், பணமில்லாமல் நின்ற வேறு வேலைக்கு அது கணக்கில் வந்திருக்கும். கடைசி நாள் ஒப்படைப்பு ஒப்படைப்பே அல்ல என்பது என் கருத்து. டெண்டர் தாமதமா, நிலம் கிடைக்கவில்லையா என்ற காரணத்தைத் துறை எழுதித் தர வேண்டும். பல தலைப்புகளில் அதுகூட வருவதில்லை.

இந்தக் கணக்குகள் தணிக்கைத் துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் ஊர்ப் பள்ளிக் கட்டடம் பாதியில் நின்றிருந்தால், அந்த மானியத்தில் எவ்வளவு மீந்தது, எந்தத் தேதியில் ஒப்படைத்தார்கள் என்று பார்த்துவிட்டு உங்கள் எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள்.