நாணயத்தை எழுதிக் காட்டுவது எப்படி?

பழைய நாணயம் ஒன்றை இன்னதென்று தெரிந்துகொள்ள, அதை நாணயவியல் அறிஞரின் கையில் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. எடை, விட்டம், இரு பக்கங்களிலும் உள்ள உருவமும் எழுத்தும், விளிம்பின் தன்மை ஆகியவற்றைச் சரியாகக் குறித்து அனுப்பினால், பெரும்பாலும் அந்தக் குறிப்பே போதும்.

எதையும் அளப்பதற்கு முன் நாணயத்தைத் தேய்க்காமல் இருக்க வேண்டும். புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கினால் அழுக்கோடு மேற்பரப்பின் நுண்ணிய கோடுகளும் போய்விடும். பிறகு யாராலும் அவற்றை மீட்க முடியாது. மண் ஒட்டியிருந்தாலும் அப்படியே விட்டு, ‘மண் படிந்துள்ளது’ என்று எழுதிவிடுவது நல்லது.

எடைக்கு நகைக்கடைக்காரர் பயன்படுத்தும், 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின் தராசு வேண்டும். காய்கறி நிறுக்கும் தராசு இதற்கு உதவாது. தராசு சரியாகக் காட்டுகிறதா என்பதைப் புழக்கத்தில் உள்ள நாணயத்தை வைத்தே பார்த்துவிடலாம். 2011-இல் தொடங்கிய வரிசையைச் சேர்ந்த ஒரு ரூபாய் நாணயம் தேயாமல் இருந்தால் 3.79 கிராமை ஒட்டி இருக்கும். விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் மூன்று, நான்கு திசைகளில் அளந்து, மிகக் குறைந்த அளவையும் மிகக் கூடிய அளவையும் எழுத வேண்டும். பழைய காசுகள் முழு வட்டமாக இருப்பது அரிது என்பதால், சராசரியை மட்டும் எழுதினால் அந்தச் செய்தி மறைந்துபோகும்.

வீட்டுப் பெட்டியில் கிடைத்த ஒரு வெள்ளி நாணயத்தை எடுத்துக்கொள்வோம். எடை 11.62 கிராம், விட்டம் 30.5 முதல் 30.7 மில்லிமீட்டர். இது வெள்ளிதானா என்ற கேள்விக்கும் அதே தராசு விடை சொல்லும். ஒரு பிளாஸ்டிக் குவளையில் பாதியளவு தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்க வேண்டும். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, குவளையின் அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். தராசு இப்போது காட்டுவது நாணயம் இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. இங்கே அது 1.13 கிராம். 11.62-ஐ 1.13-ஆல் வகுத்தால் 10.28 வருகிறது. பிரிட்டிஷ் இந்திய ரூபாயில் வெள்ளி 91.7 சதவீதம், மீதி செம்பு. அந்தக் கலவையின் அடர்த்தி 10.3 அளவில் இருக்கும், ஆகவே கணக்கு பொருந்துகிறது. செம்பும் நிக்கலும் கலந்த போலியானால் விடை 9-க்குக் கீழே இறங்கும். நாணயத்தில் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் நல்ல வெள்ளிகூடப் போலிபோலத் தோன்றும். குமிழைத் தட்டிவிட்டு மீண்டும் ஒரு முறை அளக்க வேண்டும். அரித்துப்போன செம்புக்காசை மட்டும் தண்ணீரில் இறக்காமல் இருப்பது நல்லது.

அடுத்தது உருவமும் எழுத்தும். பலர் தடுமாறுவது இங்கேதான். ‘ராணி தலை போட்ட காசு’ என்று எழுதினால் அறிஞருக்கு எதுவும் தெரியாது. ‘முடி தரித்த பெண்ணின் மார்பளவு உருவம், பார்ப்பவரின் இடப்பக்கம் நோக்கியது, இருபுறமும் விக்டோரியா, குயீன் என்ற எழுத்துகள், பின்பக்கம் பூங்கொடி வளையத்துக்குள் ஒன் ருப்பி, இந்தியா, 1862’ என்று எழுதினால், படிக்கும்போதே நாணயம் அவர் கண்முன் வந்துவிடும். எழுத்துகளை நாணயத்தில் உள்ள மொழியிலேயே, உள்ள வரிசையிலேயே பார்த்தெழுத வேண்டும். தேய்ந்த எழுத்தை ஊகித்து நிரப்பாமல் அந்த இடத்தில் புள்ளியிட்டுவிடலாம். படிக்கத் தெரியாத எழுத்தானால் வரைந்து காட்டலாம்.

மேலே சொன்ன நாணயத்தில் ‘குயீன்’ என்று இருப்பது ஒரு தடயம். 1877 முதல் அந்த இடத்தில் ‘எம்ப்ரஸ்’ வந்தது. ஆனால் 1862 என்ற ஆண்டை அப்படியே நம்பிவிட முடியாது. அதே ஆண்டைப் பொறித்த ரூபாய்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அடித்தார்கள். அவற்றைப் பிரித்தறிய உதவுபவை ஆண்டுக்குக் கீழேயும், சில வகைகளில் ‘ஒன்’ என்ற சொல்லுக்கு மேலேயும் உள்ள கடுகினும் சிறிய புள்ளிகள். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து விழச்செய்தால் அவை நிழலோடு எழுந்து தெரியும். எத்தனை புள்ளிகள், எங்கே என்று எழுத வேண்டும். இல்லையென்றால் ‘புள்ளி இல்லை’ என்றே எழுத வேண்டும். எதுவும் எழுதாமல் விட்டால், அவை இல்லையா, பார்க்கவே இல்லையா என்பது படிப்பவருக்குத் தெரியாது.

விளிம்பைப் பார்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்த ரூபாயின் விளிம்பில் நெருக்கமான பற்கள் இருக்கும். பற்கள் மழுங்கி, நடுவில் ஒரு கோடு சுற்றி ஓடினால் அது அச்சில் அடித்ததல்ல, வார்த்த போலி என்று சந்தேகிக்க இடமுண்டு. பற்றவைத்த தடம் தெரிந்தால் அதை ஆரத்தில் கோத்திருக்கிறார்கள் என்று பொருள். பற்றாசு ஒட்டியிருப்பதால் எடை கூடியும் இருக்கலாம். சராபுகள் வெள்ளியைச் சோதிக்க இட்ட வெட்டுகளும் சிறு முத்திரைகளும் இருந்தால், அவை எந்தப் பக்கத்தில் எங்கே உள்ளன என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் இருந்தால் இன்ன அரசின் நாணயம், இன்ன வகை என்று அறிஞர் சொல்லிவிடுவார். நல்ல அச்சில் அதே வெள்ளிக் கலவையில் அடித்த போலியை மட்டும் குறிப்பைக் கொண்டு பிடிப்பது கடினம். அதற்கு நாணயத்தையே நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருக்கும்.