விடியற்காலை ட்ரோனும் மேல்காற்றும்

பூவத்தருகே நண்டலாறு கடலில் கலக்கும் இடத்தை ஆவணப்படத்துக்காக மேலிருந்து எடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் விடியற்காலையைத்தான் குறிப்பார்கள். வெளிச்சம் அருமையாக இருக்கும். ஆனால் ட்ரோனுக்கு அதுவே சங்கடமான நேரம்.

இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால், விடியும்போது காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். தென்மேற்குப் பருவக் காலத்தில் மேல்காற்றும் சேர்ந்துகொள்ளும். ட்ரோன் கடல்மேல் பாய்ந்து போகும், திரும்புவதுதான் பாடு. நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் பறக்கும் ட்ரோனை, நொடிக்கு 7 மீட்டர் மேல்காற்றில் 500 மீட்டர் தூரம் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். போக 26 நொடி, திரும்ப 100 நொடி. உயரம் கூடக்கூடக் காற்றும் கூடும். மேலே அது 10 மீட்டராக இருந்தால், திரும்பவே நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும். மணலில் நிற்பவருக்கு இது தெரியாது. திரையில் வேகம் சட்டென்று குறைவதுதான் அடையாளம். உடனே ட்ரோனைத் தாழ இறக்கித் திருப்ப வேண்டும். கீழே காற்று குறைவு.

பெட்டியில் 30 நிமிடம் என்று போட்டிருப்பது காற்றில்லாத இடத்துக் கணக்கு. இங்கே 18 நிமிடத்துக்குத் திட்டமிட்டு, பேட்டரி 30 சதவீதத்துக்கு வருமுன் கரை சேர்ப்பது நல்லது. பிற்பகலில் கடல்காற்று வீசும்போது நிலைமை தலைகீழ். போகும்போதுதான் சிரமம், திரும்ப உந்தித் தள்ளும். அழகு கொஞ்சம் குறைந்தாலும் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

அனுமதிக்கு 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் உண்டு. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை மண்டலமென்றால் 400 அடி வரை தனி அனுமதி வேண்டாம். சிவப்பில் மத்திய அரசு ஒப்புதல் தேவை. அவசரத் தேவைக்கு எந்த இடத்தையும் 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக்கலாம் என்பதால், பறக்கும் அன்று காலையும் வரைபடத்தைப் பாருங்கள். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனை வணிக நோக்கில் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழும் மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். ஆற்றுக்கு அக்கரை தமிழ்நாடு, இக்கரை புதுச்சேரி. விதி ஒன்றுதான், காவல்துறை இரண்டு. இரு பக்கமும் தகவல் சொல்லிவிடுங்கள். மீனவப் பஞ்சாயத்தாரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். வலை உலர்த்தும் இடத்தில் சொல்லாமல் பறக்கவிட்டால் யாருக்கும் பிடிக்காது.

ஆட்களிடமிருந்து எவ்வளவு விலகிப் பறக்க வேண்டும்? 60 மீட்டர் உயரத்தில் மோட்டார் நின்றால் தரையைத் தொட சுமார் மூன்றரை நொடி. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தால் அதற்குள் 35 மீட்டர் வரை முன்னால் வந்து விழும், காற்று இன்னும் தள்ளும். ஆகவே எத்தனை உயரமோ, அத்தனை தூரமாவது ஆட்களை விட்டு விலகியிருங்கள். கட்டுமரம் கரையேறும் நேரத்தில் அந்த இடைவெளி கிடைக்கவில்லையென்றால், அந்தக் காட்சியைத் தரையில் நின்றே எடுத்துவிடுங்கள்.